அத்தியாயம் 6: குடோன் தரையை உயர்த்த உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல்

வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்துபவர் ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு நிபந்தனையை மாற்றித் தரும்படி கேட்க நேர்ந்தால், அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்பதை இந்த அத்தியாயம் ஒரே ஒரு கணக்கின் வழியாகக் காட்டுகிறது. ஆளும் தொகைகளும் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. ஊரும் மழையும் உண்மை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், மலைக்கோட்டையும் கோயிலும் உள்ள பெருமுக்கல். அங்கே சாலையோரம் 1,500 சதுர அடியில் ஒரு தகர ஷெட். அதை வாடகைக்கு எடுத்து ஒருவர் நிலக்கடலை வாங்கி, உடைத்து, எண்ணெய் ஆட்டுகிறார். கடலைக்குப் பேர்போன வட்டாரம் இது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களின் பெயரே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான். கட்டட உரிமையாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சென்னையில் இருப்பவர். ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை மூன்று ஆண்டுகளுக்குப் பதிவு செய்யப்பட்டது. 2024-25இல் வாடகை மாதம் 20,000 ரூபாய். ஒவ்வொரு ஏப்ரலிலும் 5 சதவீதம் கூடும். அட்வான்ஸ் ஒரு லட்சம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நம் ஷெட்டுக்குள் 11 அங்குலம் தண்ணீர் நின்றதாக வைத்துக்கொள்வோம். நனைந்த கடலையில் பூஞ்சை பிடித்துவிடும். அதை ஆட்டி எண்ணெயாக விற்கவும் கூடாது. அடுத்த மழைக்கு முன் தரையை ஒன்றரை அடி உயர்த்தியாக வேண்டும். செலவில் ஒரு பாதியை வாடகையில் கழித்துக்கொள்ள உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இதுதான் கோரிக்கை.

எழுத உட்காரும் முன்: இது உரிமையா, வேண்டுகோளா?

கடிதத்தின் தொனி இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்துதான் வரும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதபோது வாடகைதாரருக்கும் உரிமையாளருக்கும் உள்ள கடமைகளைச் சொல்கிறது. உரிமையாளர் செய்து தர வேண்டிய பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் ஓர் உட்பிரிவு உண்டு. கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்கிறது என்றால் இந்த உட்பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

தரையை உயர்த்துவது பழுதுபார்ப்பு ஆகாது. தரை உடையவில்லை, வாடகைக்கு எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் கேட்பது கட்டடத்தை மேம்படுத்தும் வேலை. அதோடு, பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் “உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது” என்ற வரி இருக்கும். ஆகவே உரிமையாளர் மறுத்தால் உங்கள் பக்கம் சட்டம் நிற்காது. நாம் எழுதுவது நோட்டீஸ் அல்ல, வேண்டுகோள். இதை மறந்து “எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கருதி உடனடியாகத் தரையை உயர்த்தித் தர வேண்டும்” என்று எழுதினால், உரிமையாளர் அதை முதலில் காட்டுவது வக்கீலிடம்தான்.

கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

உரிமையாளர் மனதில் எழக்கூடிய முதல் சந்தேகம், “தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்பது. பக்கத்து வடிகால் அடைத்துக்கொண்டு வந்ததென்றால், வடிகாலைத் தூர்வாரினால் போதும். தரையை உயர்த்துவது வீண் செலவு. சாலை அடுக்கடுக்காகப் போடப்பட்டு ஷெட்டின் தரையைவிட உயர்ந்துவிட்டது என்றால், தரையை உயர்த்தாமல் தீராது. ஒரு ரசமட்டக் குழாயை வைத்துச் சாலையின் நடுமட்டத்துக்கும் ஷெட் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துவிடுங்கள். நம் கணக்கில் சாலை 9 அங்குலம் உயரம். சுவரில் படிந்த தண்ணீர்க் கோட்டை வெள்ளையடிக்கும் முன் அளவு நாடாவை வைத்துப் படமெடுங்கள். அந்தக் கோடு போய்விட்டால் 11 அங்குலம் என்பது உங்கள் வாய்ச்சொல் மட்டுமே.

அடுத்தது பொருள் கணக்கு. 18 அங்குலத்தில் மேலே 4 அங்குலம் கான்கிரீட், கீழே 14 அங்குலம் கிராவல். 1,500 சதுர அடியில் 14 அங்குலம் நிரப்ப 1,750 கன அடி, அதாவது பதினேழரை யூனிட். தண்ணீர் விட்டு இடித்தால் மண் இறங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 22 யூனிட் என்று வையுங்கள். கான்கிரீட் 500 கன அடி. கொத்தனார் எழுதிக் கொடுத்த மதிப்பீடு எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய்.

தரை உயர்ந்தால் வாசல் உயரம் குறையும். பத்தடி ஷட்டர் எட்டரை அடியாகிவிடும்; லோடு ஏற்றிய வண்டி உள்ளே நுழையுமா என்று பார்க்க வேண்டும். நுழையாது என்றால் ஷட்டரைத் தூக்கிப் பொருத்தும் செலவும் மதிப்பீட்டில் வர வேண்டும். இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், வேலை தெரிந்த ஆள் என்ற நம்பிக்கை உரிமையாளருக்கு வரும். பாதி வேலையில் இது வெளியே வந்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

கேட்பது ஒன்று, கொடுப்பது ஒன்று, மாறாதவை மூன்று

வெள்ளத்தைச் சாக்கிட்டு, வாடகைக் குறைப்பு, ஒப்பந்த நீட்டிப்பு, கூடுதல் மின்சுமைக்குச் சம்மதம் என்று நாலைந்தைச் சேர்த்துக் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் பிடிக்காத ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றுக்கும் பதில் தள்ளிப்போகும். ஒரு மின்னஞ்சலில் ஒரு கோரிக்கை போதும்.

கேட்பது: செலவில் பாதியான 80,000 ரூபாயை மாதம் 8,000 வீதம் பத்து மாதங்களுக்கு வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதி. கொடுப்பது: முழுப் பணத்தையும் நீங்களே முன்கூட்டிப் போடுகிறீர்கள், மறுபாதி உங்கள் செலவு, தரை கட்டடத்தோடு அவருக்கே நின்றுவிடும், இடையில் காலி செய்தால் மிச்சத்தைக் கேட்க மாட்டீர்கள். மாறாதவை: அட்வான்ஸ், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு, ஒப்பந்தம் முடியும் நாள்.

இந்த மூன்றாவது பகுதியைப் பலரும் எழுதுவதில்லை. சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மார்ச் 2025 வாடகை 20,000. கழிவு போக 12,000 கொடுப்பீர்கள். ஏப்ரலில் 5 சதவீத உயர்வு வரும்போது அது 20,000த்தின் மேலா, 12,000த்தின் மேலா? முழு வாடகையின் மேல் என்று முதலிலேயே எழுதிவிட்டால் வாடகை 21,000, கழிவு போக 13,000. மார்ச்சில் ஒரு மாதம் 12,000. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம் 13,000. மொத்தம் 1,29,000. கழிவில்லாமல் இருந்தால் 2,09,000. வித்தியாசம் சரியாக 80,000. இந்தக் கூட்டலை உரிமையாளர் ஒரு தாளில் தாமே போட்டுப் பார்க்கும்படி எண்களைக் கொடுங்கள்.

எப்போது அனுப்புவது

முதலில் போன் செய்யுங்கள். சென்னையில் இருக்கும் பெரியவருக்கு முன்னறிவிப்பில்லாமல் எழுத்தில் ஒரு கோரிக்கை போனால், என்ன நடந்ததோ என்று மனம் கலங்கும். “ஐயா, ஷெட்டில் தண்ணீர் வந்த விஷயமாக ஒரு யோசனை இருக்கிறது. கணக்கோடு மெயிலில் அனுப்புகிறேன், நிதானமாகப் பாருங்கள்” என்று சொன்னால் போதும். தொகையைப் போனில் சொல்லாதீர்கள். படங்களையும் மதிப்பீட்டையும் பார்க்காமல் கேட்கும் எந்தத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும்.

நாளையும் யோசியுங்கள். நவம்பர் 30 வெள்ளத்துக்கு மறுவாரமே மதிப்பீடு இல்லாமல் அனுப்பினால் அது புலம்பலாகப் படும். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 14 நல்ல நாள். மார்கழியில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நம் ஊரில் பலர் விரும்ப மாட்டார்கள். அதை மதித்து, பதிலை ஜனவரி 5க்குள்ளும் கையெழுத்தைத் தை பிறந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம். மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் வரத்துக்கு வரும் முன், பிப்ரவரிக்குள் தரை முடிந்துவிடும். நாள் கேட்பதற்கும் காரணம் சொன்னால் அது கெடுவாகத் தெரியாது.

மின்னஞ்சல்

பொருள்: பெருமுக்கல் ஷெட் – தரையை 18 அங்குலம் உயர்த்தும் வேலைக்கு உங்கள் சம்மதம் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நலம்தானே? வியாழக்கிழமை போனில் சொன்ன விஷயத்தைக் கணக்கோடு கீழே எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 30 இரவு பெய்த மழையில் நம் ஷெட்டுக்குள் 11 அங்குலம் தண்ணீர் நின்றது. சுவர், கூரை, மின் இணைப்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன. அளந்து பார்த்ததில் ஷெட்டின் தரை சாலையைவிட 9 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. பின்பக்க வடிகாலில் அடைப்பு இல்லை. அதனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் தரையை 18 அங்குலம் உயர்த்துவதே தீர்வு என்று கொத்தனார் சொல்கிறார். ஷட்டரைத் தூக்கிப் பொருத்துவது உட்பட மொத்த மதிப்பீடு ரூ. 1,60,000.

இதற்கு என் யோசனை:

1. முழுத் தொகையையும் நானே செலவிட்டு, பிப்ரவரி 28க்குள் வேலையை முடித்துவிடுகிறேன்.
2. அதில் பாதியான ரூ. 80,000 என் செலவு. மறுபாதி ரூ. 80,000ஐ மார்ச் 2025 முதல் டிசம்பர் 2025 வரை மாதம் ரூ. 8,000 வீதம் வாடகையில் கழித்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன்.
3. ஏப்ரல் மாத 5 சதவீத உயர்வு முழு வாடகையான ரூ. 20,000த்தின் மேல்தான் கணக்கிடப்படும். அட்வான்ஸிலும் ஒப்பந்தம் முடியும் நாளிலும் மாற்றமில்லை.
4. இடையில் நான் காலி செய்ய நேர்ந்தால் கழிக்காமல் நிற்கும் தொகையைக் கேட்க மாட்டேன். தரை கட்டடத்தோடு உங்களுக்கே சேரும்.

தண்ணீர்க் கோட்டின் படங்கள், கொத்தனாரின் மதிப்பீடு, மாத வாரியான வாடகைக் கணக்கு மூன்றையும் இணைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வேறு மேஸ்திரியை வைத்து அளந்து பார்க்க விரும்பினால் எந்த நாளும் ஷெட்டைத் திறந்து வைக்கிறேன்.

கடலை வரத்து தொடங்கும் முன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், ஜனவரி 5க்குள் உங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். உங்களுக்குச் சம்மதமானால், தை பிறந்ததும் சென்னைக்கே வந்து எழுத்து வேலைகளை முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
(உங்கள் பெயர், கடையின் பெயர், கைபேசி எண்)

சொற்களைப் பற்றி

“தாங்கள்” வேண்டாம். அது கலெக்டர் ஆபீஸ் மனு போல் ஒலிக்கும். “ஐயா” என்ற விளியும் “நீங்கள்” என்ற சொல்லும் இரண்டு வருடம் பழகியவருக்குப் போதுமான மரியாதை. “கோருகிறேன்” என்பது வக்கீல் நோட்டீஸில் வரும் சொல். “கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதுங்கள். “உடனடியாக”, “கட்டாயம்”, “வேறு வழியில்லை”, “காலி செய்ய நேரிடும்” ஆகியவை கடிதத்தில் எங்குமே வரக் கூடாது. காலி செய்வதைப் பற்றி நம் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அது மிரட்டலாக இல்லாமல் அவருக்குப் பாதுகாப்பாக இருப்பதைக் கவனியுங்கள்.

நனைந்து போன கடலையின் மதிப்பை நாம் எழுதவில்லை. அந்த நஷ்டத்துக்கு உரிமையாளர் பொறுப்பில்லை. எழுதினால் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்வார். சுவரும் கூரையும் நன்றாக இருப்பதை எழுதினோம். தூரத்தில் இருப்பவர் தன் சொத்தைப் பற்றி முதலில் அறிய விரும்புவது அதைத்தான்.

“லீஸ்” என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். தமிழ்நாட்டில் மொத்தத் தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருப்பதை, அதாவது ஒத்தி அல்லது போக்கியத்தை, லீஸ் என்று சொல்லும் பழக்கம் உண்டு. “லீஸ் நிபந்தனையை மாற்ற வேண்டும்” என்று படித்தால், வாடகையை நிறுத்தி மொத்தமாக லீசுக்குக் கேட்கிறார் என்றுகூடப் பொருள் கொள்ளலாம். “வாடகை ஒப்பந்தம்” என்றே எழுதுங்கள்.

பதில் வந்த பிறகு

ஜனவரி 5 வரை பதிலே இல்லையென்றால் ஒருமுறை போன் செய்து, மெயில் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் பார்ப்பவராக இருந்தால் அதே கடிதத்தையும் இணைப்புகளையும் அங்கேயும் அனுப்பலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிராவல் இறக்கிவிடாதீர்கள். எழுத்துமூலச் சம்மதம் இல்லாத மாற்றம் ஒப்பந்த மீறல்; பிறகு அட்வான்ஸில் கைவைக்க அதுவே காரணமாகிவிடும்.

“பாதி அதிகம், 50,000 என்றால் சரி” என்று பதில் வரலாம். உங்கள் எல்லையை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் மார்ச்சுக்குப் பிறகு இன்னும் ஓராண்டுதான் மிச்சம். 50,000 திரும்பக் கிடைத்தால் உங்கள் கையிலிருந்து போவது 1,10,000, மாதத்துக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேல். அந்த ஓராண்டில் இன்னொரு வெள்ளம் வந்தால் கெட்டுப்போகும் கடலையின் மதிப்பு இதைவிடக் கூடுதலா? இல்லையென்றால், தரைமுழுதும் உயர்த்துவதை விட்டு, மூட்டை அடுக்கும் 500 சதுர அடிக்கு மட்டும் மேடை கட்டிக்கொள்ள அனுமதி கேட்கலாம். செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். ஷட்டரைத் தொட வேண்டியதில்லை. முழு மறுப்பு வந்தாலும், நன்றி சொல்லி இந்த மேடையைக் கேட்பதற்கு வழி இருக்கிறது.

“சரி, செய்துகொள்ளுங்கள்” என்று மெயிலில் பதில் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது. பதிவான பத்திரத்தின் வாடகை நிபந்தனையை மெயிலில் வந்த ஒரு வரி மாற்றிவிடாது. அந்தப் பதில் உங்களுக்குச் சாட்சியாக இருக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். மாற்றத்தைத் துணை ஒப்பந்தமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. வாசகம் இவ்வளவு போதும்:

“மேற்படி ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் மாறாமல் இருக்க, தரை உயர்த்தும் வேலைக்கான செலவில் ரூ. 80,000ஐ மார்ச் 2025 முதல் டிசம்பர் 2025 முடிய மாதம் ரூ. 8,000 வீதம் வாடகையில் வாடகைதாரர் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். ஆண்டு உயர்வு முழு வாடகையின் மேல் கணக்கிடப்படும். இடையில் காலி செய்தால் மீதித் தொகையை வாடகைதாரர் கோர உரிமையில்லை.”

மாதாமாதம் வாங்கும் ரசீதிலும் இது தெரிய வேண்டும். “வாடகை 21,000, தரை வேலைக்குக் கழிவு 8,000, பெற்றது 13,000” என்று மூன்று எண்களும் இருக்கட்டும். 13,000 என்று மட்டும் எழுதிய ரசீதுகள் ஒன்பது சேர்ந்தால், வாடகையே 13,000தான் என்று ஒருவரும், எட்டாயிரம் பாக்கி என்று இன்னொருவரும் சொல்ல இடம் வந்துவிடும். வாடகைக்கு ஜி.எஸ்.டி. கட்டுபவராகவோ வாடகையில் வரி பிடித்தம் செய்பவராகவோ இருந்தால், எந்தத் தொகையின் மேல் கணக்கிடுவது என்பதை முதல் கழிவுக்கு முன்பே இருவரின் ஆடிட்டர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு மின்னஞ்சல் உண்டு. புதுத் தரையின் படம், சாலையைவிட இப்போது 9 அங்குலம் உயரம் என்ற அளவு, கொத்தனாரின் பில், கூடவே நன்றி. செலவு 1,60,000க்குக் குறைவாக முடிந்திருந்தால் அதையும் எழுதி, கழிவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 2026 மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேசும்போது, உரிமையாளர் எடுத்துப் பார்க்கும் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.